முசிறிக்குச் செல்லும் நூல்வழி

தொலைதூர நாடுகள் பண்டைக் காலத்தில் ஒன்றையொன்று எவ்வாறு அறிந்தன என்று கேட்கும் வாசகர்கள் தமிழகத்தில் பெருகி வருகின்றனர். கொடுமணலும் கீழடியும் பட்டணமும் அந்த வேட்கையை வளர்த்துள்ளன. ஆயினும் வேட்கையோடு நூலகம் செல்லும் ஒருவருக்கு முதலில் கிட்டுவன பெரும்பாலும் பிறர் கண்ட முடிவுகளைத் தொகுத்துரைக்கும் நூல்களே. அம்முடிவுகள் எந்த ஏட்டிலிருந்து, எந்த ஓட்டுச் சில்லிலிருந்து, எத்தகைய வாதத்தின் வழியே பெறப்பட்டன என்பதை அவற்றுட் பல விரித்துரைப்பதில்லை. கடல் வாணிக வரலாற்றைக் கற்பவர் சான்றிலிருந்து தொடங்க வேண்டும். தொகுப்புரைக்கு அதன் பின்னரே வர வேண்டும் என்பது நம் கருத்து. எகிப்திலிருந்து முசிறி வரை நீண்ட கடல்வழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனை அறிய உதவும் நூல்களை எவ்வரிசையில், எத்தகைய விழிப்போடு கற்பது என்பதை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் கற்கத்தக்கது ‘எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கச் சிறுநூல். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்தில் வாழ்ந்த பெயரறியா வணிகர் ஒருவர் எழுதியது. அறுபத்தாறு சிறு பிரிவுகளே கொண்டது. ஒரு மாலைப் பொழுதில் படித்து முடிக்கலாம். துறைமுகங்கள், அவற்றின் இடைத்தொலைவு, அங்கே விலைபோகும் சரக்கு, அங்கிருந்து ஏற்றத்தக்க சரக்கு, புறப்பட வேண்டிய மாதம் ஆகியவற்றைப் பிற வணிகர்க்குப் பயன்படுமாறு அவர் எழுதி வைத்தார். அதனாலேயே அந்நூல் பெருமதிப்புடையது. அரசரைப் புகழும் நோக்கமோ வியப்பூட்டும் நோக்கமோ அவருக்கு இல்லை. பொய்யான செய்தி தந்தால் அதனை நம்பிச் சென்ற வணிகன் முதலை இழப்பான்.

இந்நூலை ஆங்கிலத்தில் 1912ஆம் ஆண்டிலேயே ஷாஃப் என்பார் பெயர்த்தார். இன்று கற்போர் நாட வேண்டியது லயனல் காசன் 1989இல் வெளியிட்ட பதிப்பு. மூலத்தையும் பெயர்ப்பையும் எதிரெதிரே தந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் விரிவான உரையும் அவர் வரைந்துள்ளார். அவ்வுரை இன்றியமையாதது. பெரிப்ளூஸ் நமக்குக் கிடைத்திருப்பது ஹைடல்பெர்க் நகரில் உள்ள பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றின் வாயிலாகவே. மூலத்திற்கும் அப்படிக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்துள்ளன. படியெடுத்தோர் அறியாத துறைமுகங்களின் பெயர்கள் பலவிடங்களில் சிதைந்துள்ளன. எது ஏட்டில் உள்ள வடிவம், எது பதிப்பாசிரியர் திருத்திய வடிவம் என்பதைக் காட்டாத பெயர்ப்பைப் படிப்பவர், திருத்தத்தையே மூலமென்று எண்ணி மயங்குவார்.

காற்றைப் பற்றிய செய்தியை இந்நூலோடு சேர்த்துக் கற்றால்தான் பயணத்தின் அமைப்பு விளங்கும். இந்தியாவுக்குச் செல்லும் கப்பல் எகிப்திலிருந்து ஜூலை மாதத்தில் புறப்பட வேண்டும் என்கிறது பெரிப்ளூஸ். செங்கடலின் வடபகுதியில் வடகாற்றே வீசுவதால் தெற்கே இறங்குவது எளிது. அரபுக் கடலை அடையும்போது தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கித் தள்ளும். அதன் கடுமை தணியும் காலத்தில் கப்பல் மலையாளக் கரையை நெருங்கும். முன்னரே புறப்பட்டு ஆடி மாதத்தில் அக்கரையை அடைந்தால், கொந்தளிக்கும் கடலில் துறைக்குள் நுழைய இயலாது. செங்கடலின் வாயிலருகே உள்ள ஓக்கெலிஸிலிருந்து முசிறிக்கு நாற்பது நாட்பயணம் என்று உரோம அறிஞர் பிளினி குறிக்கிறார். மீளும் கப்பல் வடகிழக்குக் காற்றைத் துணைக்கொண்டு குளிர்காலத்தில் திரும்பும். அப்போது செங்கடலின் வடகாற்றே எதிர்க்காற்றாகிவிடும். ஆகையால் கடலின் தலைமாட்டுக்குச் செல்ல முயலாமல், தெற்கே உள்ள பெரெனிகே துறையிலேயே சரக்கை இறக்கி, பாலைவனத்தைப் பன்னிரண்டு நாளில் ஒட்டகங்களால் கடந்து, நைல் கரையிலுள்ள கோப்டோஸை அடைந்து, அங்கிருந்து ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுசென்றனர். துறைமுகங்கள் அமைந்த இடமும் பயண நாட்களும் காற்றால் வகுக்கப்பட்டவை.

இக்காற்றால் திறந்த கடலை நேரே கடக்கும் வழியை ஹிப்பாலஸ் என்னும் மாலுமி கண்டறிந்தார் என்று பெரிப்ளூஸ் கூறுவதை வாசகர் விழிப்போடு கொள்ள வேண்டும். அவர் கண்டது கிரேக்க மாலுமிகளுக்குப் புதிய வழியாக இருக்கலாம். அரபுக் கடலின் இருகரையிலும் வாழ்ந்த கடலோடிகள் அக்காற்றை முன்னரே அறிந்திருந்தனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்திலிருந்து இந்தியாவுக்குச் சென்ற யூடாக்சஸுக்கு, செங்கடற் கரையில் கண்டெடுக்கப்பட்ட இந்திய மாலுமி ஒருவரே வழிகாட்டினார் என்று ஸ்டிராபோவின் நூல் வாயிலாக அறிகிறோம்.

முசிறியில் இறக்குமதியான பொருள்களை அடுக்கும்போது, பெருந்தொகையான நாணயத்தை முதன்மையாகக் குறிக்கிறார் ஆசிரியர். பின்னர்ப் பவளம், கண்ணாடி மூலப்பொருள், செம்பு, தகரம், ஈயம் ஆகியவற்றையும் அளவான மதுவையும் கூறுகிறார். கப்பல் தொழிலில் உள்ளோர்க்குப் போதுமான தானியமும் கொண்டுவரப்படும் என்றும், அங்குள்ள வணிகர் அதனைப் பயன்படுத்துவதில்லை என்றும் ஒரு குறிப்பு உண்டு. அந்நாட்டு உணவுக்குப் பழகாத மாந்தர் அத்துறையில் சில மாதங்களேனும் தங்கியிருந்தனர் என்பதை அந்தச் சிறு குறிப்பு உணர்த்துகிறது. ஏற்றுமதியில் மிளகு தலைமை பெறுகிறது. முத்தும் தந்தமும் கங்கைக் கரையின் சடாமாஞ்சியும் பட்டும் மணிக்கற்களும் அதனைத் தொடர்கின்றன. இவற்றுள் சில முசிறியில் விளைந்தவையல்ல. கங்கைச் சமவெளியிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்தவை அங்கே கைமாறின. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடலும் கூறுகிறது. ஒருவரையொருவர் படித்திராத கிரேக்க வணிகரும் தமிழ்ப் புலவரும் ஒரே கொடுக்கல் வாங்கலைக் கூறுவதால் அச்செய்தி உறுதிபெறுகிறது.

பெரிப்ளூஸின் எல்லையையும் அறிதல் வேண்டும். மேற்குக் கரைத் துறைகளைப் பற்றி நிறைந்த விவரத்தோடு எழுதும் ஆசிரியர், குமரியைக் கடந்ததும் சுருங்கிவிடுகிறார். கொற்கையின் முத்துக்குளிப்பையும் சோழ நாட்டுக் கரையின் துறைகளையும் அங்கிருந்து கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் பெருங்கலங்களையும் குறிப்பிடுகிறார். ஆனால் விலைபோகும் சரக்குகளின் துல்லியமான அடுக்கு அங்கே குறைந்துவிடுகிறது. கண்டதையும் கேட்டதையும் அவர் எழுத்தின் அடர்த்தியே பிரித்துக் காட்டுகிறது.

இரண்டாவதாகக் கற்கத்தக்கது, வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள முசிறிப் பாப்பிரஸ். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இவ்வேடு 1985இல்தான் அச்சேறியது. இதன் ஒரு பக்கத்தில் கடன் உடன்படிக்கை ஒன்றின் பகுதி உள்ளது. செங்கடல் துறையில் இறங்கும் சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலோடு கோப்டோஸுக்குக் கொண்டுசென்று, அரசின் வரிக் கிடங்கில் முத்திரையிட்டு வைத்து, பின்னர் ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவின் வரிக் கிடங்கில் சேர்ப்பேன் என்று கடன் பெற்றவர் உறுதியளிக்கிறார். மறுபக்கத்தில் ‘ஹெர்மாபோல்லோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு உள்ளது. அறுபது பெட்டிச் சடாமாஞ்சி, முழுத் தந்தம், தந்தத் துண்டுகள் என ஒவ்வொன்றும் தனித்தனியே நிறுத்து விலையிடப்பட்டுள்ளது. கணக்கின் மொத்தம் 1154 தாலந்தும் 2852 திராக்மாவும். ஒரு தாலந்துக்கு 6000 திராக்மா என்று கொண்டால் இது 69,26,852 திராக்மா ஆகும். நான்கில் ஒரு பங்கு இறக்குமதி வரி போக எஞ்சிய சரக்கின் மதிப்பு இது என்பது பல ஆய்வாளர் கொள்ளும் கருத்து.

இத்தொகையைக் கண்டதும் பெருக்கிப் பார்க்கத் தோன்றும். ஆண்டுக்கு நூற்றிருபது கப்பல்கள் மியோஸ் ஹார்மோஸ் துறையிலிருந்து இந்தியாவுக்குச் சென்றன என்று ஸ்டிராபோ எழுதியுள்ளார். இரண்டையும் பெருக்கினால் 83 கோடி திராக்மா வரும். ஆனால் இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் நாணயத்தை ஈர்க்கிறது என்பது பிளினியின் கூற்று. எகிப்தியத் திராக்மாவும் செஸ்டர்ஷியஸும் மதிப்பில் ஏறத்தாழ இணையானவை. ஆகவே ஒரு கணக்கு மற்றொன்றைப் பதினாறு மடங்கு விஞ்சுகிறது. எது பொய் என்று கேட்பதற்கு முன், எதனை எது அளக்கிறது என்று கேட்க வேண்டும். பிளினி கூறுவது இந்தியாவில் செலவான முதல். பாப்பிரஸ் கூறுவது அலெக்சாந்திரியாவில் இடப்பட்ட மதிப்பு. இடையே கப்பற்கூலியும் இலாபமும் வரியும் சேர்ந்துவிட்டன. இந்தியச் சரக்கு உரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்றது என்று பிளினியே அவ்விடத்தில் கூறுகிறார். ஸ்டிராபோவின் கப்பல்களுக்கும் இந்தப் பாப்பிரஸுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. மேலும் ஹெர்மாபோல்லோன் பெருங்கப்பல். எல்லாக் கப்பலும் அதன் அளவினவே என்று கொள்ள ஆதாரமில்லை. இம்மூன்று எண்களையும் ஒரே வாக்கியத்தில் இணைத்து ஆண்டு வாணிகத்தின் மொத்தத்தை உறுதியாகக் கூறும் நூலைக் கண்டால், வாசகர் அங்கேயே நின்று ஐயுற வேண்டும்.

இந்த ஏடு இன்னுமொரு பாடத்தையும் தருகிறது. இவ்வுடன்படிக்கை முசிறியிலேயே எழுதப்பட்டது என்று முதற் பதிப்பாசிரியர்கள் கருதினர். அது உண்மையாயின், கிரேக்க முறைப்படி பத்திரம் எழுதும் குடியிருப்பு ஒன்று சேர நாட்டுத் துறையில் இருந்ததாகும். பின்னர் ஆராய்ந்தோர், முசிறிப் பயணத்திற்காக வாங்கிய கடனைப் பற்றியே அது பேசுகிறது என்றும், எழுதப்பட்டது எகிப்தில் என்றும் காட்டினர். பழைய வாசிப்பை மட்டும் கண்ட நூல்கள் அக்குடியிருப்பை இன்னும் உறுதிச் செய்தியாகவே கூறுகின்றன. எஞ்சியுள்ள பகுதியில் மிளகின் பெயரும் இல்லை. சரக்கின் மொத்த மதிப்பையும் பெயர் காணும் பொருள்களின் மதிப்பையும் ஒப்பிட்டு, இடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் மிளகே என்று ஃபெடரிகோ டி ரொமானிஸ் 2020இல் வெளியிட்ட பெருநூலில் வாதிடுகிறார். வலிமையான வாதம்தான். ஆனால் அது வாதம் என்பதை நூலாசிரியர் மறைக்கவில்லை. அந்த நேர்மையே அந்நூலைப் பரிந்துரைக்க நமக்குப் போதிய காரணம்.

மூன்றாவது சான்று மண்ணிலிருந்து வருவது. பெரெனிகேயில் 1994 முதல் ஸ்டீவன் சைட்போதமும் வில்லெகே வெண்ட்ரிக்கும் அகழ்ந்து கண்டவற்றைச் சைட்போதம் 2011இல் ஒரு நூலாகத் தொகுத்தளித்துள்ளார். அங்குள்ள செராபிஸ் கோயிலின் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெருஞ்சாடி ஒன்றினுள் ஏழரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கருமிளகு அப்படியே கிடைத்தது. பாப்பிரஸில் பெயர் காணாத மிளகு இங்கே பொருளாகவே கிடைத்துவிட்டது. பழைய கப்பல்களிலிருந்து பிரித்தெடுத்து அங்கே கட்டடங்களில் மீண்டும் பயன்படுத்திய தேக்கு மரமும் உண்டு.

தமிழ் வாசகரை மிகவும் ஈர்ப்பவை தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள். பெரெனிகேயில் கிடைத்த ஓர் ஓட்டில் கொற்றன் என்னும் பெயரோடு தொடர்புடைய எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் படித்தார். மியோஸ் ஹார்மோஸ் என்று இன்று அறியப்படும் குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்னும் பெயர்களும் வேறொரு சாடியில் பானை ஒறி என்னும் சொற்களும் கிடைத்தன. இவற்றை ஒருசேர வைத்து, எகிப்தில் தமிழர் வாழ்ந்தனர் என்று முடிப்பது எளிது. ஆனால் ஒவ்வோர் ஓடும் வேறுவேறு அளவே மெய்ப்பிக்கிறது. பானை ஒறி என்று பொறித்த சாடி இந்தியாவில் செய்யப்பட்டது. அவ்வெழுத்து தமிழகத்திலேயே பொறிக்கப்பட்டுச் சாடியோடு பயணப்பட்டிருக்கவும் கூடும். பெரெனிகே ஓடோ மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடியைச் சேர்ந்தது. அச்சாடி இருந்த இடத்தில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தாலன்றி அதன்மேல் அப்பெயர் ஏற வழியில்லை. ஓட்டின் எழுத்தைப் படிக்கும் அறிஞரின் நூலோடு, ஓட்டின் மண்ணை ஆராயும் அறிஞரின் நூலையும் படிக்க வேண்டியதன் காரணம் இதுவே. மகாதேவனின் தமிழ்பிராமி ஆய்வை முதல்வகைக்கும், ரொபெர்ட்டா டோம்பர் 2008இல் எழுதிய சிறுநூலை இரண்டாம் வகைக்கும் நாம் பரிந்துரைப்போம்.

மட்பாண்டச் சான்றில் நேர்ந்த பெரும்பிழையை அரிக்கமேடு காட்டுகிறது. 1945இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், காலம் நன்கறிந்த இத்தாலியச் செம்பாண்டச் சில்லுகளைக் கண்டு, தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலக்குறி ஒன்றை நிறுவினார். அது என்றும் போற்றத்தக்க பணி. ஆனால் அவ்விடத்தின் வாழ்வையே உரோம வணிகத்தின் விளைவாக அவர் கண்டார். உருளிப் பல்லால் வரிவரியாக அழகு செய்த ரூலெட் பாண்டத்தையும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததாகவே கொண்டார். விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்து, 1996, 2004 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டபோது நிலைமை மாறியது. யவனர் வருவதற்கு முன்பே அரிக்கமேட்டில் மக்கள் வாழ்ந்தனர். ரூலெட் பாண்டம் இந்திய மண்ணில் செய்யப்பட்டது என்பது மண்ணாய்வால் உறுதியாயிற்று.

அத்திருத்தத்தின் பயன் பெரிது. அதே பாண்டம் வங்கக் கரையிலும் இலங்கையிலும் பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்துள்ளது. மேற்கிலிருந்து வந்ததாக எண்ணிய பாண்டம் கிழக்கு நோக்கிச் சென்ற வழியைக் காட்டும் சான்றாகியது. தாய்லாந்தின் குவான் லுக் பட் என்னும் இடத்தில் பொற்கொல்லரின் உரைகல் ஒன்று தமிழ் எழுத்தோடு கிடைத்ததையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். பெரிப்ளூஸ் ஆசிரியர் அரைகுறையாகக் கேட்டறிந்த கீழைக்கடலை இச்சான்றுகள் நிரப்புகின்றன. அத்திசையை அறிய விரும்புவோர் மாங்கன், மணி, வேட் ஆகியோர் பதிப்பித்து 2011இல் சிங்கப்பூரில் வெளிவந்த கட்டுரைத் தொகுதியைக் காணலாம்.

இவ்வளவும் கற்றபின் எதிர்க்கருத்துகளையும் கேட்டல் முறை. சொகோத்ரா தீவின் ஹோக் குகையில் கடலோடிகள் எழுதிவைத்த குறிப்புகளை இங்கோ ஸ்ட்ரௌக் 2012இல் பதிப்பித்தார். அவற்றுள் பெரும்பாலானவை பிராமி எழுத்தில், மேற்கிந்தியர் எழுதியவை. பரூகச்சத்து மக்கள் அங்கே தம் ஊரைக் குறித்துள்ளனர். பால்மைரா நாட்டவர் ஒருவர் கி.பி. 258இல் விட்டுச்சென்ற மரப்பலகையும் உண்டு. அக்கடல் ஓரினத்தின் உடைமையாக இருந்ததில்லை என்பதை அக்குகை உரைக்கிறது. ராஜன் குருக்கள் 2016இல் எழுதிய நூல் இன்னும் கடுமையான கேள்வியை எழுப்புகிறது. அக்கடல் வாணிகத்தை நடத்தியோர் மத்தியதரைக் கடல் வணிகரே என்றும், தென்னகக் குறுநிலத் தலைவர்களின் சமூகம் அதற்கு இணையான பங்காளியாக இருக்கவில்லை என்றும் அவர் வாதிடுகிறார். இதனைச் சினத்தால் மறுப்பதில் பயனில்லை. மணிக்கற்களைப் பட்டைதீட்டிய கொடுமணல் தொழிற்கூடங்களையும், அங்கே ஓடுகளில் பெயர் பொறித்த எண்ணற்ற மாந்தரையும் எதிர்ச்சான்றாக வைத்து விடையிறுக்கலாம். அவ்விடை எத்துணை வலிமையுடையது என்பதை வாசகரே எடைபோடட்டும். எடைபோடும் ஆற்றல் அவருக்கு வருவது மூலச்சான்றுகளை முன்னரே கற்றிருந்தால்தான்.

ஆகவே வரிசை இதுவாகட்டும். காசனின் பெரிப்ளூஸ் முதலில். பாப்பிரஸ் பற்றிய டி ரொமானிஸின் ஆய்வு அடுத்து. சைட்போதம், பெக்லி, டோம்பர் ஆகியோரின் மண்சான்று நூல்கள் அதன்பின். மகாதேவனின் எழுத்தாய்வு அவற்றோடு. குருக்களின் மறுப்பு இறுதியில். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பழங்காலத் தமிழர் வாணிகம்’ என்னும் தமிழ்நூலை இவற்றுக்கு முன்னும் பின்னும் ஒருமுறை படித்தால், இலக்கியச் சான்று எங்கே மண்சான்றோடு பொருந்துகிறது, எங்கே பின்வந்த அகழாய்வு அதனைக் கடந்துவிட்டது என்பது தெளியும்.

இவ்வரிசையில் ஒன்றைத் தவிர அனைத்தும் ஆங்கில நூல்களாக இருப்பதை நாம் வருத்தத்தோடு குறிக்கிறோம். அவற்றுட் சில விலை மிகுந்தவை; மாவட்ட நூலகத்தில் தேடி எடுக்கத்தக்கவையல்ல. தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் அரசின் பாடநூல் நிறுவனமும் செய்யத்தக்க பணி தெளிவாகவே உள்ளது. பெரிப்ளூஸின் முழுப் பெயர்ப்பையும், முசிறிப் பாப்பிரஸின் இரு பக்கங்களையும், செங்கடல் துறைகளில் கிடைத்த தமிழ் எழுத்து ஓடுகளின் படங்களையும் வாசிப்புகளையும் ஒரே தொகுதியாக வெளியிட வேண்டும். ஓட்டின் மண் எந்நாட்டது, எழுத்தின் வாசிப்பில் ஐயம் எங்கே, அறிஞர் எந்த இடத்தில் முரண்படுகின்றனர் என்பவை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடம்பெற வேண்டும். நிலப்படமும் பருவக்காற்றின் மாதவாரி அட்டவணையும் இணைக்கப்பட வேண்டும். பள்ளி ஆசிரியர் வாங்கக்கூடிய விலையில் அத்தொகுதி கிடைக்குமாயின், முசிறியைப் பற்றி அடுத்து எழுதப்படும் தமிழ்நூலின் ஒவ்வொரு கூற்றையும் அதன் சான்றோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கும் வாசகர் கூட்டம் உருவாகும். அத்தகைய வாசகர் இருந்தால்தான் எழுதுவோரும் சான்றின் எல்லைக்குள் நின்று எழுதுவர்.